K, M போட்டு ஊர்க் கணக்கு எழுதாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுவதானால் ஏசுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு "சேருக்கு வேற வேலை இல்லையா, ஒரு எழுத்துக்கு இவ்வளவா" என்று கொமெண்ட் போடாதீர்கள். அந்த ஒரு எழுத்தால் ஒரு நல்ல மனிதரின் மானம் போனதைக் கண்ணால் கண்ட பிறகுதான் இதை எழுதுகிறோம்.

எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று சொல்லப் போவதில்லை. கேட்கவும் வேண்டாம். ஒரு பாடசாலைக்கு இரண்டு வகுப்பறைகள் கட்ட நிதி சேர்த்தார்கள். பல பக்கமிருந்தும் காசு வந்தது. ஒவ்வொரு குழுவும் தாங்கள் சேர்த்த தொகையை வட்ஸ்அப்பில் அனுப்ப, ஒரு தம்பி அதை அப்படியே எக்செல் தாளில் பதிந்தார். பதிந்தது இப்படி:

வெளிநாட்டுச் சகோதரர்கள் – 1.2M
பழைய மாணவர்கள் – 0.5M
கடைக்காரர்கள் – 350K
ஆசிரியர்கள் – 125000
பெற்றோர் – 75000
ஜும்ஆ சேகரிப்பு – 40K
மாணவர் உண்டியல் – 7.5K

வாசிக்கும் போது ஒரு குறையும் தெரியாது. K என்றால் ஆயிரம், M என்றால் மில்லியன், அதாவது பத்து இலட்சம். இன்றைக்கு யாருக்குத்தான் இது தெரியாது என்பீர்கள். மனிதருக்குத் தெரியும். கூட்டிப் பார்க்கும் தாளுக்குத் தெரியாது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

தம்பி கீழே SUM போட்டார். 200,000 என்று வந்தது. ஆசிரியர்களின் 125,000, பெற்றோரின் 75,000, அவ்வளவுதான். மற்ற ஐந்து வரிகளையும் எக்செல் தொடவேயில்லை. ஏனென்றால் இலக்கத்தோடு ஓர் எழுத்து சேர்ந்துவிட்டால் அது இலக்கம் அல்ல, வெறும் சொல். "350K" என்பதும் "கடைக்காரர்கள்" என்பதும் எக்செலுக்கு ஒன்றுதான். SUM அப்படிப்பட்ட சொற்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பிழை என்று சிவப்பு விளக்குக் காட்டாது, எச்சரிக்கையும் தராது. கூகிள் ஷீட்ஸிலும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நாம் எதையும் மாற்றி அமைக்காத தாளில் இலக்கங்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொற்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகை எழுதிய நிரலில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால், இடப்பக்கம் நிற்பவை கூட்டலில் சேரவில்லை என்று அர்த்தம்.

தம்பி கெட்டிக்காரர். 200,000 பிழை என்று உடனே கண்டுகொண்டார். பிறகு, நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யக்கூடிய வேலையைத்தான் செய்தார். K என்றால் மூன்று பூச்சியம், M என்றால் ஆறு பூச்சியம். ஆகவே Find and Replace திறந்து, K வந்த இடத்தில் 000 போடு, M வந்த இடத்தில் 000000 போடு என்று கொடுத்துவிட்டார்.

இப்போது எல்லாம் வலப்பக்கம் போய்விட்டது. கூட்டுத்தொகையும் வந்தது: 590,009.20.

கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, "ஐந்து இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து ஒன்பது ரூபா இருபது சதம்" என்று வாசித்தார். சதம்வரை சொன்னதால் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் வந்ததை அறிந்த ஒருவர் பின்வரிசையில் இருந்தார். "மிச்சம் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மிச்சம் எங்கே போனது என்று பார்ப்போம். 350K என்பதில் K இருந்த இடத்தில் மூன்று பூச்சியம் வந்தால் 350000. சரி. 40K என்பது 40000. அதுவும் சரி. 1.2M என்பதில் M இருந்த இடத்தில் ஆறு பூச்சியம் வந்தால்? 1.2000000. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை பூச்சியம் ஒட்டினாலும் அது 1.2 தான். பன்னிரண்டு இலட்சம் ரூபா, ஒரு ரூபா இருபது சதமாகிவிட்டது. 0.5M ஐம்பது சதமானது. மாணவர் உண்டியலின் 7.5K ஏழு ரூபா ஐம்பது சதமானது. மூன்றையும் கூட்டுங்கள்: ஒன்பது ரூபா இருபது சதம். கூட்டத்தில் சுத்தமான கணக்கின் அடையாளமாகத் தெரிந்த அந்த 9.20 தான் பிழையின் கால்தடம்.

இதில் மிக ஆபத்தானது, பாதி வரிகள் சரியாக மாறியதுதான். எல்லாமே பிழைத்திருந்தால் யாராவது உடனே கவனித்திருப்பார்கள். புள்ளியில்லாத தொகைகள் ஒழுங்காக மாறியதால், புள்ளியுள்ளவையும் ஒழுங்காக மாறியிருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

பூச்சியம் ஒட்டுவது வேறு, ஆயிரத்தால் பெருக்குவது வேறு. தரம் 7 பிள்ளைகளுக்குத் தசமம் படிப்பிக்கும் போது நாங்கள் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான். K என்றால் புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் நகர்த்து. M என்றால் ஆறு இடம் நகர்த்து. நகரும் வழியில் ஏற்கெனவே இலக்கம் இருந்தால் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மிச்ச இடங்களுக்குத்தான் பூச்சியம். ஆகவே 1.2M க்கு ஐந்து பூச்சியம், 1.25M க்கு நாலு பூச்சியம், 7.5K க்கு இரண்டு பூச்சியம். வகுப்பில் இதைப் பிழைவிடும் பிள்ளைக்குப் புள்ளி குறைக்கிறோம். ஊர்க் கணக்கில் பிழைவிட்டால் யாரோ ஒருவருக்கு மானம் குறைகிறது.

கூட்டம் கலைந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். எழுத்துகளை ஒழுங்காக விரித்து எழுதினோம்: 1,200,000, 500,000, 350,000, 125,000, 75,000, 40,000, 7,500. மொத்தம் 2,297,500. காணாமல் போன பதினேழு இலட்சமும் வந்துவிட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நாங்களும்தான்.

மறுநாள் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் 2,272,000 தான் இருந்தது. 25,500 ரூபா குறைவு.

இப்போது வந்த சந்தேகம் முதல் நாளை விட மோசம். பதினேழு இலட்சம் குறைந்தால் "கணக்கில் பிழை" என்பார்கள். இருபத்தையாயிரம் குறைந்தால் "எடுத்துவிட்டான்" என்பார்கள். ஒரு மனிதர் சட்டைப் பையில் போடக்கூடிய தொகை அது. பொருளாளர் ஓய்வுபெற்ற அரச ஊழியர். வாழ்நாள் முழுக்க ஒரு ரூபா பிசகாமல் கணக்கு எழுதியவர். அன்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு வைப்புச் சீட்டாக எடுத்துப் பார்த்தோம். ஆறு வரிகள் சதம் பிசகாமல் பொருந்தின. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. வெளிநாட்டுச் சகோதரர்கள் உண்மையில் அனுப்பியது 1,174,500 ரூபா. பதினொரு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து ஐந்நூறு. அவர்கள் தங்கள் தாளில் முழுத் தொகையைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டம் மில்லியனில் ஒரு தசம இடத்தோடு காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே 1174500, வெளியே தெரிவது 1.2M. அதைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒட்டப்படுவது வெளியே தெரிவதுதான். முழுத் தொகை அங்கேயே தங்கிவிட்டது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பொருளாளர் எடுக்கவில்லை. நாங்கள் விரித்து எழுதியதிலும் கணிதப் பிழை இல்லை. ஆனாலும் நாங்கள் எழுதிய 1,200,000 பொய்யான தொகை.

இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். ஒரு தசம இடத்தோடு 1.2M என்று எழுதினால், அது 1,150,000 இலிருந்து 1,250,000 க்குச் சற்றுக் குறைவு வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஐம்பதாயிரம் ரூபா மறைந்து நிற்கலாம். 350K என்றால் மறைவது ஐந்நூறு ரூபா அளவுதான். எழுத்து பெரிதாகப் பெரிதாக, அதற்குள் ஒளியும் தொகையும் பெரிதாகிறது. அதை நாம் 1,200,000 என்று விரித்து எழுதும் போது, கடைசி ஐந்து பூச்சியங்களையும் யாரோ எண்ணிப் பார்த்துப் போட்டதைப் போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. யாரும் எண்ணவில்லை. நாங்களாகப் போட்டவை அவை.

ஆகவே நாங்கள் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, காசுக் கணக்கில் K, M எழுதவே எழுதாதீர்கள். இரண்டு, யாராவது எழுதி அனுப்பிவிட்டால் நீங்களாக விரித்துப் பதியாதீர்கள். "முழுத் தொகை எவ்வளவு?" என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். ஒரு வரி மெசேஜ்தான். கேட்க வெட்கப்பட்டால் பின்னால் சந்தேகப்பட வேண்டிவரும்.

கேட்க முடியாத நிலையும் உண்டு. பழைய தாள், அனுப்பியவர் யாரென்று தெரியாது, இருநூறு வரிகள் இருக்கின்றன. அப்போது விரித்துத்தான் ஆகவேண்டும். Find and Replace பக்கம் போகாதீர்கள். நிரலைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அது தாள் முழுவதும் பாயும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்றும் பார்க்காது. நம்முடைய ஆட்களின் பெயர்களுக்கு முன்னால் M.M.M. என்று முதலெழுத்துகள் இல்லாமல் இருக்காதே! Mohamed என்ற பெயர் 000000oha000000ed என்று மாறியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சிரிப்பாக இருந்தது, மீட்டெடுக்க உட்காரும் வரை.

பழைய நிரலைத் தொடாமல் பக்கத்தில் புதிய நிரல் ஒன்று திறவுங்கள். தொகைகள் B நிரலில் இரண்டாம் வரியில் தொடங்கினால், C2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(RIGHT(TRIM(B2))="K", LEFT(TRIM(B2),LEN(TRIM(B2))-1)*1000,
 IF(RIGHT(TRIM(B2))="M", LEFT(TRIM(B2),LEN(TRIM(B2))-1)*1000000,
 B2*1))
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் வேலை எளிது. கடைசி எழுத்து K என்றால் அதை வெட்டிவிட்டு மிச்சத்தை ஆயிரத்தால் பெருக்கும். M என்றால் பத்து இலட்சத்தால் பெருக்கும். இரண்டும் இல்லையென்றால் இருப்பதை அப்படியே எடுக்கும். பெருக்குவதால் 1.2M ஒழுங்காக 1200000 ஆகும். "1.2Mn" என்றோ "5 lakhs" என்றோ எழுதியிருந்தால் #VALUE! என்று கத்தும். கத்தட்டும். அந்த வரியைப் போய்க் கையால் பாருங்கள். பேசாமல் தாண்டிப் போகும் SUM ஐ விடக் கத்துகிற கட்டம் எவ்வளவோ மேல். விரித்த தொகைக்குப் பக்கத்தில், சீட்டுப் பார்த்து உறுதி செய்யும்வரை, "அண்ணளவு" என்று எழுதி வையுங்கள். பழைய நிரலை அழிக்காதீர்கள். யார் என்ன எழுதி அனுப்பினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்தச் சூத்திரத்துக்கும் புரியாத ஒன்று இருக்கிறது. K எப்போதும் ஆயிரமல்ல. தாய்மார் நிதிக்காகக் கழற்றித் தந்த வளையலை "22K" என்று பதிந்திருந்தால் அது இருபத்திரண்டு கரட் தங்கம். அதைச் சூத்திரம் 22,000 ரூபாவாக்கிக் கூட்டிவிடும். வயர் வாங்கிய பற்றில் "50M" என்றிருந்தால் அது ஐம்பது மீற்றர். ஐந்து கோடி ரூபா அல்ல. தொகை நிரலில் தொகை மட்டும் இருக்கிறதா என்று முதலில் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கென்று இன்னொரு பொறியும் உண்டு. நாம் வாயால் பேசுவது இலட்சத்தில். கையால் எழுதுவது மில்லியனில். காணி விலை பேசும் போது "ஒன்றரை" என்றால் பேர்ச்சுக்கு ஒன்றரை இலட்சம் என்று இரண்டு பேருக்கும் புரியும். அதே ஆள் விளம்பரத்தில் "1.5M" என்று போட்டுவிடுவார். அது பதினைந்து இலட்சம். பத்து மடங்கு வித்தியாசம். ஒரு இலட்சம் என்பது 100K, அல்லது 0.1M. பத்து இலட்சம் 1M. ஒரு கோடி 10M. இந்த நாலு வரியைப் பார்க்காமல் சொல்ல முடியாதவர் M என்ற எழுத்தைத் தொடவே கூடாது. உண்மையைச் சொன்னால் நாங்களும் ஒரு கணம் நின்றுதான் சொல்கிறோம்.

இன்னும் ஒரு விஷயம். இந்தக் கணக்குகள் யாருக்காக? உண்டியலில் நூறு ரூபா போட்ட உம்மாவுக்கும், பின்னேரம் இடியப்பம் அவித்து விற்ற காசில் ஐந்நூறு கொடுத்த ராத்தாவுக்கும் அந்தத் தாளைப் பார்க்க உரிமை இருக்கிறது. அவர்களிடம் 2.27M என்று நீட்டினால் என்ன விளங்கும்? "இருபத்திரண்டு இலட்சத்து எழுபத்திரண்டாயிரம்" என்று எழுதினால் வாசிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கும். வாசிக்கத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும்.

எங்களுக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

"முழுதாக எழுதினால் பூச்சியம் கூடிக் குறைந்துவிடும், சேர்." உண்மை. நாங்களும் அப்படிப் பிழைவிட்டிருக்கிறோம். அதனால்தான் மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைத்து 2,272,000 என்று எழுதி, பக்கத்தில் சொல்லிலும் எழுதச் சொல்கிறோம். காசோலையில் நாம் காலங்காலமாகச் செய்வது அதைத்தானே. இலக்கமும் சொல்லும் பொருந்தாவிட்டால் பிழை உடனே தெரியும். 1.2M இல் பிழையிருந்தால் ஒத்துப் பார்க்க அங்கே எதுவுமே இல்லை.

"அரசாங்க அறிக்கையிலேயே மில்லியனில்தானே போடுகிறார்கள்?" போடுகிறார்கள். அட்டவணையின் தலைப்பில் "ரூபா மில்லியன்" என்று ஒரே தடவை எழுதிவிட்டு, முழு அட்டவணையையும் அதே அலகில் போடுகிறார்கள். எழுத்து இலக்கத்தோடு ஒட்டுவதில்லை, கூட்டலும் கெடுவதில்லை. நாட்டின் வரவு செலவில் ஐம்பதாயிரம் ரூபாவைத் தேடுகிறவர் யாருமில்லை. நம் ஊர் நிதியில் தேடுவோம், தேடவும் வேண்டும்.

"அழகாக, சுருக்கமாக இருக்கிறதே?" அழகு வேண்டுமென்றால் கட்டத்துக்குள் 350000 என்று முழுத் தொகையைப் பதிந்துவிட்டு, காட்டும் விதத்தை மட்டும் `#,##0,"K"` என்று அமையுங்கள். தெரிவது 350K, இருப்பது முழு இலக்கம், கூட்டல் ஒழுங்காக வரும். கட்டத்தை அழுத்தி மேலே உள்ள வரியைப் பார்த்தால் உண்மைத் தொகை தெரியும். ஆனால் அந்தத் தாளிலிருந்து கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் போடாதீர்கள். 1,174,500 ரூபா 1.2M ஆனது அப்படித்தான்.

லைக் எண்ணிக்கைக்கு, வீடியோ பார்த்தவர் தொகைக்கு K போடுங்கள், M போடுங்கள், எங்களுக்குக் கவலையில்லை. 1.2K லைக் என்பதில் ஐம்பது கூடினாலும் குறைந்தாலும் யாரும் யாரையும் கள்ளன் என்று சொல்லப் போவதில்லை. பள்ளிவாசல் கணக்கு, பாடசாலை நிதி, சீட்டுக் காசு, மையித்துச் சங்கம், கடன் கொடுத்த எழுத்து, இவற்றில் மட்டும் வேண்டாம்.

அந்தப் பாடசாலையின் கணக்கு இப்போது சரியாக இருக்கிறது. 2,272,000 ரூபா, சீட்டுகளோடு, சொல்லிலும் எழுதி, அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பொருளாளரிடம் மன்னிப்பும் கேட்டார்கள். அவர் சலாம் சொன்னார், தேநீர் குடித்தார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

உங்கள் ஊர்க் குழுமத்தில் இன்றிரவு யாராவது "Total 1.8M so far" என்று போட்டால், கைதட்டும் ஸ்டிக்கர் அனுப்புவதற்கு முன் ஒரு வரி கேளுங்கள்: முழுத் தொகை எவ்வளவு?